கிளினிக் தளத்தில் முன்பதிவுப் படிவம் வைத்தால் டோக்கன் நோட்டு என்னாகும்?

காவிரிக்கரை:
கரூரில் எங்கள் தெருமுனைக் கிளினிக்குக்கு இணையதளம் செய்து கொடுத்திருக்கிறேன். ஒரே மருத்துவர், பொது மருத்துவம். மாலை 5.30 முதல் 9 வரை பார்க்கிறார். ஒரு நாளைக்கு 40, 45 பேர் வருகிறார்கள். காலை 10 மணிக்கு டோக்கன் தொடங்கியதும் தொலைபேசி ஓயாமல் அடிக்கிறது. அதனால் தளத்திலேயே பதிவு செய்ய ஒரு படிவம் வேண்டும் என்கிறார் டாக்டர். இப்போது ஒரு தொடர்புப் படிவம் இருக்கிறது, நிரப்பினால் கிளினிக் முகவரிக்கு மின்னஞ்சல் போகும். அதிலேயே தேதி, நேரம் என்று இரண்டு பெட்டிகள் சேர்த்தால் போதுமா? பிஎச்பி, மைஎஸ்கியூஎல் உள்ள சாதாரண ஹோஸ்டிங்தான்.

மேசைக்குப்பின்:
தம்பி, வேண்டாம். 14 ஆண்டுகளாக ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். தொலைபேசியில் நான் எண் மட்டும் கொடுப்பதில்லை. பேசுகிறவரின் குரலிலேயே அவசரம் தெரிந்துவிடும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு தாய் தடுமாறிப் பேசினால் வரிசையில் முன்னால் கொண்டு வருவேன். படிவத்துக்கு அது கேட்காது. இன்னொன்று, டாக்டர் வேறு மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வர அரை மணி நேரம் தாமதமாகும். 6.15 என்று திரையில் பார்த்து வந்தவர் 6.20-க்கு என் மேசையைத் தட்டுவார். ஒரு வாட்ஸ்அப் எண் கொடுங்கள், அது போதும்.

அகல்விளக்கு:
என் கதையைச் சொல்லிவிடுகிறேன். மகளைக் காட்ட ஒரு கிளினிக்கின் தளத்தில் 6.30 என்று குறித்து அனுப்பினேன். "உங்கள் கோரிக்கை பெறப்பட்டது" என்று பச்சை எழுத்தில் வந்தது. பஸ் பிடித்துப் போனால் அங்கே எங்கள் பெயரே இல்லை. அந்த மின்னஞ்சலை மூன்று நாளாக யாரும் திறக்கவில்லை. 9 மணிக்கு, கடைசி ஆளாகப் பார்த்தோம். படிவம் வைப்பதானால் உட்கார்ந்து பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

தறிநூல்:
காவிரிக்கரை, அகல்விளக்குக்கு நடந்ததுதான் உங்கள் கேள்விக்கும் பதில். மின்னஞ்சல் போகும் படிவம் ஒரு மனு. அனுப்பியவரோ அதை டோக்கன் என்று நினைத்துக்கொள்கிறார். இரண்டுக்கும் நடுவில் யாரும் இல்லை. பகிர்வு ஹோஸ்டிங்கிலிருந்து போகும் மின்னஞ்சல் பல நேரம் ஸ்பாம் பெட்டியில் போய் விழுகிறது, அனுப்பியவருக்கும் தெரியாது, மேசையில் இருப்பவருக்கும் தெரியாது. எனவே அந்தப் படிவத்தில் தேதிப் பெட்டி சேர்க்காதீர்கள். இடம் இருக்கிறதா இல்லையா என்று அந்த நொடியே சொல்லும் படிவமாக வையுங்கள், முடியாவிட்டால் வைக்கவே வேண்டாம்.

நேரம் பற்றி மேசைக்குப்பின் சொல்வது சரி. 5.30 முதல் 9 வரை 210 நிமிடம். 42 பேர் என்றால் ஆளுக்கு 5 நிமிடம். அதை 6.15, 6.20 என்று வெட்டினால் முதல் நோயாளி 15 நிமிடம் எடுத்துக்கொண்டதுமே எல்லாம் பொய்யாகிவிடும். அரை மணி நேரமாகப் பிரியுங்கள். ஏழு பிரிவு, பிரிவுக்கு ஆறு இடம். "6.00 முதல் 6.30-க்குள் வாருங்கள், இடம் 2" என்று திரை சொல்லட்டும். டாக்டர் 20 நிமிடம் தாமதித்தாலும் பிரிவின் வரிசை குலையாது. ஆனால் மேசையிலும் நோட்டை மூடிவிட்டு, இதே பட்டியலைக் கணினியில் பார்த்துத்தான் தொலைபேசி டோக்கனையும் பதிய வேண்டும். இரண்டு கணக்கு வைத்தால் ஒரே இடத்தில் இருவர் உட்காருவார்கள்.

மேசைக்குப்பின்:
நோட்டை நான் மூட மாட்டேன். மாலையில் மின்சாரம் போகும், இணையம் போகும். அப்போது எதிரே 20 பேர் நின்றால் நான் எந்தத் திரையைப் பார்ப்பது?

வெண்பலகை:
இவ்வளவு யோசிக்க ஒன்றும் இல்லை. பதிவதற்கு முன் அந்த இடம் காலியா என்று `SELECT` போட்டுப் பாருங்கள். காலி என்றால் `INSERT`. பொத்தானை ஒருமுறை அழுத்தியதும் முடக்கிவிடுங்கள். இரட்டைப் பதிவு வராது.

தறிநூல்:
வரும், வெண்பலகை. இந்தக் கிளினிக்கில் காலை 10 மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் முயல்கிறார்கள். ஒருவருடைய `SELECT` காலி என்கிறது. அவருடைய `INSERT` நடப்பதற்குள் இன்னொருவருடைய `SELECT`-உம் காலி என்கிறது. இருவருக்கும் அதே இடம். சோதனையில் நீங்கள் ஒருவரே அழுத்திப் பார்ப்பதால் இது ஒருபோதும் தெரியாது. பொத்தானை முடக்குவது ஒருவர் இருமுறை அழுத்துவதைத் தடுக்கும், இருவர் அழுத்துவதைத் தடுக்காது. தரவுத்தளமே மறுக்கும்படி அமைக்க வேண்டும்:

```sql
CREATE TABLE booking (
  id INT AUTO_INCREMENT PRIMARY KEY,
  day DATE NOT NULL,
  slot TIME NOT NULL,
  seat TINYINT NOT NULL,
  name VARCHAR(80) NOT NULL,
  phone CHAR(10) NOT NULL,
  active TINYINT NULL DEFAULT 1,
  UNIQUE KEY one_seat (day, slot, seat, active)
) DEFAULT CHARSET=utf8mb4;
```

முன்கூட்டிப் பார்க்காமல் நேராக `INSERT` செய்யுங்கள். இடம் 1 போய்விட்டிருந்தால் பிழை எண் 1062 வரும். உடனே இடம் 2-க்கு, பிறகு 3-க்கு என்று 6 வரை முயலுங்கள். ஆறும் போயிருந்தால் "இந்தப் பிரிவு நிரம்பிவிட்டது" என்று காட்டி, அடுத்த பிரிவைக் கொடுங்கள். ஒருவர் ரத்து செய்தால் வரியை அழிக்காமல் `active`-ஐ `NULL` ஆக்குங்கள், பூஜ்யம் ஆக்கக் கூடாது. பூஜ்யம் என்றால் அதே இடம் இரண்டாம் முறை ரத்தாகும்போது பிழை வரும். மைஎஸ்கியூஎல்லில் `NULL` எத்தனை முறை வந்தாலும் `UNIQUE` அதை மோதலாக எடுத்துக்கொள்வதில்லை.

கடைசி வரியில் உள்ள `utf8mb4`-ஐ விட்டுவிடாதீர்கள். பழைய ஹோஸ்டிங்கின் இயல்பு அமைப்பில் "முருகேசன்" என்ற பெயர் வெறும் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படலாம். பிறகு அதை மீட்க வழியில்லை.

வெண்பலகை:
இருவர் அழுத்துவது பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். என் பங்குக்கு ஒன்று. சர்வர் பெரும்பாலும் யுடிசி நேரத்தில் ஓடும், நம் நேரம் ஐந்தரை மணி முன்னால். விடியற்காலை 5 மணிக்குத் தளத்தைத் திறப்பவருக்கு "இன்று" என்று நேற்றைய தேதி வரும். முதல் வரியில் இதைப் போடுங்கள்:

```php
date_default_timezone_set('Asia/Kolkata');
```

மேலும் ஒரு கைப்பேசி எண்ணுக்கு ஒரு நாளில் ஒரு பதிவு என்று கட்டுப்படுத்துங்கள். போலிப் பதிவு குறையும்.

மேசைக்குப்பின்:
அதைச் செய்யாதீர்கள். மாமியார், மருமகள், பேரன் மூவருக்கும் வீட்டில் ஒரே எண்தான் இருக்கும். மழைக்காலத்தில் மூவரும் ஒன்றாகத்தான் காய்ச்சலில் வருவார்கள். என் நோட்டில் ஒரே எண் மூன்று வரியில் இருக்கும், அது தவறில்லை.

தறிநூல்:
அக்கா சொல்வது சரி. எண்ணுக்கு மூன்று பதிவு வரை விடலாம். எண் பெட்டிக்கு `type="tel"` போடுங்கள். சிலர் முன்னால் 0 போடுவார்கள், சிலர் +91 போடுவார்கள், நடுவில் இடைவெளி விடுவார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பாமல், இலக்கம் அல்லாததை நீக்கிவிட்டுக் கடைசி 10 இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

மேசைக்குப்பின்:
நோட்டைப் பற்றி இரவெல்லாம் யோசித்தேன். ஒவ்வொரு அரை மணிக்கும் ஆறு வரி என்றால், முதல் இரண்டு வரியில் நான் எழுதாமல் விட்டுவிடுகிறேன். தளம் அந்த இரண்டை மட்டும் கொடுக்கட்டும். மூன்று முதல் ஆறு வரை தொலைபேசிக்கும் நேரில் வருபவருக்கும். தளத்தின் இடத்தில் நான் எழுத மாட்டேன், என் இடத்தைத் தளம் தொடக் கூடாது. அப்போது எப்படி மோதும்?

தறிநூல்:
மோதாது. ஒரே கணக்கு வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது தவறு, நீங்கள் சொல்வது அதைவிட எளிது. ஏழு பிரிவுக்கு இரண்டு வீதம் 14 இடம் தளத்தில், 28 இடம் நோட்டில். மாலை 4 மணிக்குத் தளத்தில் அன்றைய பதிவை மூடிவிட வேண்டும். அப்போது பட்டியலை ஒரு தாளில் அச்சிட்டு நோட்டில் ஒட்டிவிடுங்கள். நிரம்பாத இடங்கள் அந்த நிமிடத்திலிருந்து உங்களுடையவை. 4 மணிக்கு மேல் மின்சாரம் போனாலும் இணையம் போனாலும் தாள் கையில் இருக்கும். ரத்து செய்வதும் 4 மணியோடு நிற்க வேண்டும், அதற்குப் பின் தொலைபேசியில்தான்.

காவிரிக்கரை:
டாக்டரிடம் காட்டினேன், நோட்டும் இருக்கும் என்றதும் ஒப்புக்கொண்டார். பதிவானதும் நோயாளிக்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும் என்கிறார். "என்ன தொந்தரவு" என்று ஒரு பெட்டியும் கேட்கிறார்.

தறிநூல்:
இந்தியாவில் இப்படி எஸ்எம்எஸ் அனுப்ப, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் டிஎல்டி தளத்தில் கிளினிக்கின் பெயரையும் அனுப்புநர் தலைப்பையும் செய்தி வாசகத்தையும் முதலில் பதிவு செய்ய வேண்டும். வாசகம் மாறினால் செய்தி போய்ச் சேராது. இப்போதைக்குத் திரையில் நாள், பிரிவு, இட எண் மூன்றையும் பெரிய எழுத்தில் காட்டி, "இதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினால் போதும். அந்தத் திரையை வேறு முகவரிக்குத் திருப்பிக் காட்டுங்கள். இல்லாவிட்டால் பக்கத்தைப் புதுப்பிக்கும்போது இன்னொரு பதிவு விழும்.

தொந்தரவுப் பெட்டி வேண்டவே வேண்டாம். பெயர், எண், நாள், பிரிவு போதும். மக்கள் அந்தப் பெட்டியில் மனம் விட்டு எழுதிவிடுவார்கள். பகிர்வு ஹோஸ்டிங்கில் அது ஆண்டுக்கணக்கில் கிடக்கும். தனிநபர் தரவுக்கு 2023-லேயே சட்டம் வந்துவிட்டது. தேவையில்லாததை வாங்கி வைத்துக் காவல் காப்பது ஏன்?

அகல்விளக்கு:
இதை நான் ஏற்கவில்லை. மகளுக்கு மூச்சிரைக்கிறது என்று எழுத ஓர் இடம் இருந்திருந்தால் எங்களை முன்னால் விட்டிருப்பார்கள்.

மேசைக்குப்பின்:
யார் எப்போது அதைப் படிப்பது, அம்மா? 4 மணிக்குத்தான் என் கைக்கு வரும். மூச்சிரைக்கும் குழந்தை படிவம் நிரப்பிக் காத்திருக்கவே கூடாது. பெட்டிகளுக்கு மேலே, முதல் வரியாக, "நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு என்றால் இதை நிரப்பாதீர்கள். 108-ஐ அழையுங்கள்" என்று எழுதுங்கள். அதன் கீழே கிளினிக்கின் தொலைபேசி எண். ஆனால் புதியவரா, ஏற்கெனவே வந்தவரா என்று ஒரு கேள்வி எனக்கு வேண்டும். புதியவருக்கு டாக்டர் இரண்டு மடங்கு நேரம் எடுப்பார்.

அகல்விளக்கு:
அந்த வரியை வையுங்கள். பெட்டியும் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

காவிரிக்கரை:
வரியை வைக்கிறேன், புதியவர் கேள்வியும் சேர்க்கிறேன். தொந்தரவுப் பெட்டி பற்றி டாக்டரிடம் மறுபடி பேச வேண்டும். வரும் திங்கள் முதல் தளத்தில் ஒரு பிரிவுக்கு ஓர் இடம் மட்டும் திறந்து பார்க்கப் போகிறேன். ஒரு கேள்வி மிச்சம். தளத்தில் 6.00 பிரிவு வாங்கியவர் 6.50-க்கு வந்தால் என்ன செய்வது?

மேசைக்குப்பின்:
நான் 6.30 பிரிவின் கடைசியில் விடுவேன்.

வெண்பலகை:
அது முறையில்லை. 6.30-க்குச் சரியாக வந்தவர் ஏன் காத்திருக்க வேண்டும்? இடம் போய்விட்டது என்று படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

மேசைக்குப்பின்:
அரவக்குறிச்சியிலிருந்து பஸ் மாறி வரும் பாட்டியிடம் அதை நீங்கள் வந்து சொல்லுங்கள். நான் சொல்ல மாட்டேன்.