கூரை விழுந்த ஷிப்டில் ஓவர்மேன் எழுதிய அறிக்கை

முன்னாள் ஓவர்மேன்:
மத்திய இந்தியாவில் நான் ஓவர்மேனாக, அதாவது ஷிப்ட் மேற்பார்வையாளராக, வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில், இரண்டாம் ஷிப்டின் பின்பாதியில், கிடையாக ஓடும் லெவலும் சரிந்து இறங்கும் டிப் பாதையும் சந்திக்கும் நாற்சந்தியில் கூரை விழுந்தது. யாருக்கும் காயமில்லை. பாதையின் அகலம் 4.2 மீட்டர், உயரம் 3 மீட்டர். பாறை விழுந்ததால் கூரையில் உண்டான குழிக்குக் கீழே யாரும் போகக் கூடாது என்பதால், தாங்கல் உள்ள கூரையின் அடியில் நின்று விளக்கடித்துப் பார்த்தும், விளிம்பில் கிடந்த பாறையை நாடாவால் அளந்தும், 5 மீட்டர் நீளம், 4.5 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் கனம் என்று எழுதினேன். நூறு டன்னுக்குக் குறையாது.

அங்கே 1.2 மீட்டருக்கு ஒன்றாக 1.8 மீட்டர் நீளக் கூரை போல்ட்டுகள் போடப்பட்டிருந்தன. அவை அறுபடவில்லை, தகடும் நட்டும் மாட்டியபடியே, பாறையோடு பாறையாகக் கீழே கிடந்தன. பாறையின் ஒரு பக்கம் கண்ணாடிபோல் வழுவழுப்பாகவும், அதன்மேல் ஈரக் களிமண் பூசியதுபோலவும் இருந்தது. ஸ்லிப் எனப்படும் வழுவழுப்பான பிளவு ஒன்று போல்ட்டின் நுனிக்கும் மேலே சாய்வாக ஓடியிருக்கிறது என்பதை இந்த இரண்டு அடையாளங்களும் சேர்ந்தே காட்டின.

ஆட்களின் கணக்குத்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. வருகைப் பதிவில் 27 பேர். காற்று வரும் பாதையில் கூட்டி எண்ணியபோதும் 27 பேர். ஆனால் எனக்குக் கீழே ஆட்களை மேற்பார்க்கும் சர்தார் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது பம்ப் ஓட்டுபவர் வரிசையில் இல்லை. அவருக்குப் பதிலாக, சுரங்கத்தின் பக்கத்துப் பிரிவிலிருந்து கேபிள் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் நின்றுகொண்டிருந்தார். தொகை சரியாக வந்ததே தற்செயல். பம்ப் ஓட்டுபவர் டிப்பின் அடியில் நீர்த்தொட்டியருகே இருந்தார். சர்தாரும் இன்னொருவரும் வாயு அளந்துகொண்டே அடுத்த லெவல் வழியாகச் சுற்றிப் போய் அவரை அழைத்து வந்தார்கள். அதன்பிறகே, லேம்ப் ரூமில் கொடுக்கப்பட்ட விளக்கு எண்களோடு ஒவ்வொரு பெயரையும் ஒத்துப் பார்த்து, "அனைவரும் பத்திரம்" என்று மேலே போன் செய்தேன்.

டிப்ளமோ மாணவர்:
போல்ட்டுகளை இன்னும் நெருக்கமாகப் போட்டிருந்தால் விழுந்திருக்காது அல்லவா? போல்ட்டைத் துளைக்குள் ஒட்டவைக்கும் சிமெண்ட் கேப்ஸ்யூல் சரியாகப் பிடிக்கவில்லை என்றும் தோன்றுகிறது.

சுரங்க அளவையாளர்:
பிடிப்பில் குறை இருந்திருந்தால் போல்ட் கூரையிலேயே தொங்கும், அல்லது துளையிலிருந்து உருவிக்கொண்டு தனியாக விழும். இங்கே பாறையோடு சேர்ந்தே வந்திருக்கிறது என்றால், பாறைக்குள் அது நன்றாகவே பிடித்திருந்தது. மேலே உள்ள கெட்டிப் பாறையைத்தான் அது எட்டவில்லை. அதே நீளத்தில் இருமடங்கு போட்டாலும் எல்லாம் ஒன்றாகத்தான் வந்திருக்கும். ஆனால் நீங்கள் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு: நாற்சந்தியில் திறந்த பரப்பு அதிகம் என்பதால், மூலைக்கு மூலை அளந்து பார்க்காமல், நேர்ப்பாதையின் கணக்கையே அங்கேயும் பயன்படுத்துவது தவறு.

கோலாரைச் சேர்ந்த உறுப்பினர்:
என் தாத்தா கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அங்கே பாறை வெடித்தால் மேலே ஊரில் வீட்டுப் பாத்திரங்கள் ஆடும் என்பார். உங்கள் சுரங்கத்திலும் அப்படித்தான் நடந்ததா?

முன்னாள் ஓவர்மேன்:
இல்லை ஐயா. கோலாரில் அந்த ஆழத்து அழுத்தம் தாங்காமல் பாறையே வெடித்தது. இங்கே தன் எடையால் கழன்று விழுந்தது. ஒரு பெருஞ்சத்தம், பிறகு தூசி, அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற சர்தார்:
மரக்கட்டை முட்டு இருந்த காலத்தில் அது முறுகிச் சத்தம் போடும், ஆள் ஓடிவிடலாம். போல்ட் வாய் திறக்காது. கம்பியால் கூரையைத் தட்டிப் பார்த்தீர்களா? பொள்ளல் சத்தம் கேட்டிருக்க வேண்டுமே.

முன்னாள் ஓவர்மேன்:
ஷிப்ட் தொடக்கத்தில் தட்டியபோது கெட்டியாகத்தான் கேட்டது. இரண்டு மீட்டர் கனத்துக்கு மேலே உள்ள பிளவைத் தட்டும் சத்தம் காட்டிக்கொடுக்கும் என்று நான் நம்பவில்லை. முந்தைய ஷிப்ட் அறிக்கையில் "சொட்டு நீர்" என்று ஒரு வரி இருந்தது. அந்தச் சொட்டு புதியதா பழையதா என்று அதில் இல்லை. என் அறிக்கையிலும் அதை அப்படியே குறிப்பிட்டேன்.

விழுந்த பிறகு, நான்கு வாய்களிலும் நல்ல கூரையிலிருந்து தொடங்கிக் குழியை நோக்கி இரும்பு முட்டுகளை நிறுத்தினோம். பின்னர் ஒவ்வொரு வாயிலும் சதுரமாகக் கட்டைகளை அடுக்கிக் காக் எழுப்பி, கூரையோடு ஆப்பு வைத்து இறுக்கி, வேலியடைத்தோம். குழிக்குள் போல்ட் போட அந்த ஷிப்டில் யாரையும் நான் அனுப்பவில்லை.

ஓய்வுபெற்ற சர்தார்:
காக் சரி. ஆனால் அந்தச் சொட்டைப் பார்த்தவரிடம் யாராவது நேரில் கேட்டார்களா?

முன்னாள் ஓவர்மேன்:
மேலாளர் கேட்டார். சொட்டைப் பார்த்தவர் இரண்டு நாளாகவே சொட்டியது என்றார். அவருடன் இருந்தவர் அன்றுதான் பார்த்தேன் என்றார். இருவரும் சொன்னவை விசாரணைக் கோப்பில் இருக்கின்றன.