மலைக்குளிரில் உப்பு வாத்து முட்டை: நடுவில் மட்டும் ஏன் வெளிறிக் கிடக்கிறது?

கோத்தகிரிக்காரி
சிங்கப்பூர் சித்தி சொன்ன கணக்குதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம் கல்லுப்பு, கொதிக்க வைத்து நன்றாக ஆறவிட்டு, மேட்டுப்பாளையத்தில் வாங்கிய வாத்து முட்டைகளை அதில் போட்டேன். மிதக்காமல் இருக்க மேலே சின்னத் தட்டு. நாலு வாரம் போதும் என்றார். மார்கழியில் போட்டு, தையில் ஒன்றை எடுத்து வேகவைத்து நூலால் அறுத்தேன். கருவின் வெளிச்சுற்று அடர்ந்த ஆரஞ்சு, மணல்மணலாக, எண்ணெய் மினுங்குகிறது. நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளிறிய மஞ்சள், சாதாரண அவித்த முட்டை மாதிரி. வெள்ளையோ கடும் உப்பு. ஒரே முட்டைக்குள் இரண்டு விதம் எப்படி? அதிலிருந்து இதே நினைப்பு.

ஊட்டி_ஏலக்காய்
உப்பு பத்தவில்லை அக்கா. நம்ம ஊரில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் உப்பும் முழுசாகக் கரையாது, கருவும் வேகாது. இன்னும் 100 கிராம் போடுங்கள். எனக்கும் கரு இப்படித்தான் வந்தது, வேகவைக்கும் நேரத்தைக் கூட்டினேன். கொஞ்சம் தேவலை.

கொடை_வாத்துப்பண்ணை
கொதிநிலை பற்றிச் சொன்னது சரி. மலையில் முட்டை வேக நேரம் கூடும். ஆனால் காரணம் அது இல்லை. கல்லுப்பு பச்சைத் தண்ணீரிலும் ஏறக்குறைய அதே அளவு கரையும். ஒரு லிட்டருக்கு 350 கிராம் வரை கரையும், அதற்கு மேல் போட்டால் அடியில்தான் தங்கும். வெள்ளை ஏற்கெனவே கடுக்கிறது என்கிறார், அதில் இன்னும் உப்பு எதற்கு?

குளிர்தான் காரணம். உப்பு ஓட்டைத் தாண்டி முதலில் வெள்ளைக்குள் போகிறது. கருவுக்குள் அதிகம் போவதில்லை, வெளியே இருக்கும் உப்பு கருவிலிருக்கும் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் போகப்போகக் கரு ஓரத்திலிருந்து உள்நோக்கி இறுகும். வேகவைத்தால் கொழுப்பு பிரிந்து எண்ணெயாக வரும். நாலு வாரம் என்பது சமவெளி வெயிலுக்குச் சொன்ன கணக்கு. பூம்பாறைப் பக்கம் மார்கழியில் சமையலறையே பன்னிரண்டு, பதிமூன்று டிகிரி. எல்லாமே மெதுவாக நடக்கும்.

ஒரே நாளில் இரண்டு ஜாடி போட்டேன், ஒன்று ஜன்னலோரம், ஒன்று அடுப்புக்குப் பக்கத்து அலமாரி. ஒரே நாளில் இரண்டிலும் ஒவ்வொரு முட்டையைப் பச்சையாகவே தட்டில் உடைத்தேன். அலமாரி முட்டையின் வெள்ளை தண்ணீராக ஓடிவிட்டது, கரு கோலிக்குண்டாக உருண்டு நின்றது. கத்தியால் வெட்டினேன், நடுவரை இறுகியிருந்தது. ஜன்னலோர முட்டையில் தோல் கெட்டி, உள்ளே வழிந்தது. அக்கா, உங்களுக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம். வாரத்துக்கு ஒன்றைப் பச்சையாக உடைத்துப் பாருங்கள். நடுவில் வழியாமல் இருக்கும் அன்றே எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கழுவி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். உப்புநீரிலேயே விட்டால் வெள்ளையை வாயில் வைக்க முடியாது. உடைத்ததும் நாற்றமடித்தாலோ, வெள்ளை சாம்பல் நிறமாகக் கலங்கினாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வெலிங்டன்_மாமா
எங்கள் வீட்டில் முட்டையை வினிகரில் போடுவோம். அவித்து உரித்து, மிளகும் பச்சை மிளகாயும் சேர்த்து ஊற்றிவிட்டால் ஒரு வாரத்தில் வெள்ளை ரப்பராக இறுகிவிடும், எனக்கு அந்தக் கடிதான் பிடிக்கும். போன தடவை உள்ளே புளிப்பு ஏறட்டும் என்று பல்குச்சியால் குத்திப் போட்டேன். மலைக்குளிர் ஃப்ரிட்ஜ் மாதிரிதானே, மேசை மேல்தான் வைத்திருந்தேன். என் மகள் பார்த்துவிட்டு ஜாடியோடு கொட்டிவிட்டாள். இன்னும் எனக்கு அது சரியாகப் படவில்லை.

குன்னூர்_நர்ஸ்
மாமா, உங்கள் மகள் செய்ததுதான் சரி. 1997-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் ஒருவர் இதே மாதிரி குத்திய வினிகர் முட்டையை ஒரு வாரம் வெளியே வைத்துச் சாப்பிட்டு, பாட்டுலிசம் என்கிற கிருமி நச்சு நோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். சோதித்தபோது நச்சு கருவில்தான் குவிந்திருந்தது. வினிகர் கருவின் நடுவை எட்ட நாளாகும், அதுவரை அங்கே புளிப்பும் இல்லை, காற்றும் இல்லை. குச்சி கிருமியை நேராக அங்கே கொண்டுபோய் விடுகிறது. வாடையோ நிறமோ மாறாமலேயே நச்சு இருக்கலாம். குன்னூரில் மத்தியான வெயிலில் ஜன்னலோர மேசை எவ்வளவு சுடும் என்று ஒருநாள் கை வைத்துப் பாருங்கள். குத்தாமல் போடுங்கள், முட்டை முழுக்க வினிகரில் மூழ்கட்டும், முதல் நாளிலிருந்தே ஃப்ரிட்ஜ். ஒரு வாரம் இரண்டு வாரம் பொறுத்தால் சுவை தானாக இறங்கும். உப்பு முட்டைக்கும் ஒன்று: கரு இறுகிவிட்டது என்று பச்சையாகத் தின்னக் கூடாது, நன்றாக அவிக்க வேண்டும்.

ஊட்டி_ஏலக்காய்
அண்ணா சொன்னது புரிகிறது. ஆனால் நான் வைத்தது கோழி முட்டை, ஹீட்டர் போட்ட அறையில். கரு இறுகியது, எண்ணெய் மட்டும் விடவே இல்லை. அதற்கும் குளிரா காரணம்?

கொடை_வாத்துப்பண்ணை
கோழிக்கருவில் வாத்தினுடையதை விடக் கொழுப்பு கம்மி, அந்த அளவு எண்ணெயை எதிர்பார்க்க முடியாது. எத்தனை வாரம் வைத்தீர்கள்?

கோத்தகிரிக்காரி
ஜாடியை அலமாரிக்கு மாற்றிவிட்டேன் அண்ணா. அடியில் ஒரு முட்டையில் மயிரிழை விரிசல் தெரிகிறது, அதை மட்டும் எடுத்துவிட்டேன். மிச்ச முட்டைகளுக்கு அதே உப்புநீர் போதுமா, புதுசாகப் போடணுமா?