அத்தைக்கு தொப்புள் பக்கம் கட்டி, அங்க இன்சுலின் போட்டா சுகர் ஏறுது, தொடையில போட்டா லோ ஆகுது, ஏன்?

கரூர் மருமக:
அத்தைக்கு 63 வயசு, பென்ல 30/70 இன்சுலின், காலைல 24 நைட் 18 யூனிட். ரெண்டு மாசமா ஃபாஸ்டிங் 230, 250ன்னு நிக்குது, டாக்டரும் ரெண்டு தடவ டோஸ் ஏத்திட்டாரு. போன வாரம் அவங்களுக்கு கை நடுக்கமா இருந்துச்சுன்னு நைட் ஊசிய நான் போட்டேன், தொப்புள் ரெண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் பாதி சைஸுக்கு மெத்துன்னு தூக்கிட்டு இருந்துச்சு, பயந்துட்டு தொடையில போட்டுட்டேன். ராத்திரி 2 மணிக்கு நைட்டியே நனைஞ்சு போற அளவுக்கு வேர்த்து எழுப்புறாங்க, செக் பண்ணா 54. குளுக்கோஸ் கரைச்சு குடுத்து சரி பண்ணோம். அதே 18 யூனிட் தாங்க, சாப்பாடும் வழக்கம்போல தான். இங்க வெயில் வேற 40ஐ தாண்டுது, மருந்து கெட்டுப்போச்சா?

வெயிலான்:
கண்டிப்பா மருந்து தான். மே மாசத்துல வெளிய வச்சா இன்சுலின் செத்துரும், புதுசு வாங்கி ஃப்ரீசர்ல போடுங்க.

தொப்பக்காரன்:
எனக்கும் தொப்புள்கிட்ட இப்படித்தான் உப்புச்சு, கடைசில ஹெர்னியான்னு சொல்லி ஆபரேஷனே பண்ணாங்க. இருமுனா பெருசாகுதான்னு பாருங்க.

கரூர் மருமக:
ஹெர்னியா இல்லங்க, ஊசி போடுற இடத்துல மட்டும் தான் இருக்கு.

19 வருஷ ஊசி:
எனக்கு டைப் 1, இந்தக் கட்டிய ரெண்டு தடவ வளர்த்தவன் நான். மருந்து கெட்டிருந்தா தொடையில போட்டப்பவும் சுகர் ஏறித்தானே இருக்கணும்? அதே கார்ட்ரிட்ஜ் தொடையில போனதும் 54க்கு இறக்கிருச்சுன்னா மருந்து நல்லாத்தான் இருக்கு, இடம் தான் கெட்டுப்போச்சு. பொதுவா தொடைய விட வயித்துல தான் சீக்கிரம் இழுக்கும், இங்க தலைகீழா நடந்திருக்கு பாருங்க. ஒரே இடத்துல குத்திக் குத்தி அங்க கொழுப்பு தடிச்சிருது, இன்சுலின் உள்ள தேங்கி இஷ்டத்துக்கு இறங்கும், அதனால சுகர் இறங்கல, டோஸ் ஏறிட்டே போகுது. அந்த ஏத்துன டோஸ நல்ல தோல்ல போட்டா மொத்தமும் வேலை செஞ்சு லோ ஆகுது. அதனால டாக்டர்கிட்ட கட்டிய காட்டி, இடம் மாத்தினா எத்தன யூனிட்னு கேட்டுட்டு மாத்துங்க, சும்மா இதே 18ஐ திரும்ப வேற இடத்துல போட்றாதீங்க. ஊசி எத்தன எம்எம், எத்தன நாளைக்கு ஒன்னு?

கரூர் மருமக:
8 எம்எம். கார்ட்ரிட்ஜ் மாத்தும்போது தான் ஊசி மாத்துவாங்க. வேற இடத்துல போடச் சொன்னா "அங்க தான்டி வலிக்கவே இல்ல"ங்குறாங்க.

19 வருஷ ஊசி:
கட்டில வலி தெரியாது, அதனால தான் எல்லாரும் திரும்பத் திரும்ப அங்கயே போவாங்க. கார்ட்ரிட்ஜ்ல 300 யூனிட், நாளைக்கு 42 போச்சுன்னா 7 நாள், அதாவது ஒரே ஊசில 14 குத்து, முனை மழுங்கிரும். 4 எம்எம் வாங்குங்க, குண்டா இருந்தாலும் அதுவே போதும், ஏன்னா குண்டானவங்களுக்கும் தோல் மட்டும் சுமார் 2 எம்எம் தான். நேரா குத்தி, பட்டன அமுக்கி மெதுவா 10 எண்ணிட்டு எடுக்கணும். கலங்கலான மருந்து, அதனால போடுறதுக்கு முன்னாடி உள்ளங்கைல 10 தடவ உருட்டி 10 தடவ கவுத்து நிமித்தணும். வயித்த நாலா பிரிச்சு வாரத்துக்கு ஒரு பக்கம், ஒவ்வொரு குத்துக்கும் ஒரு விரல் இடைவெளி, கட்டி இருக்குற பக்கம் மட்டும் வேணாம். கண்ணுக்கு தெரியாத கட்டியும் இருக்கும், கைல சோப்பு தடவி விரல மட்டமா வச்சு வழிச்சுப் பாருங்க, ரப்பர் மாதிரி தட்டுப்படும்.

வெயிலான்:
தினம் புது ஊசின்னா காசு யாரு குடுப்பா? வெயில் மேட்டரும் பொய்யில்லையே.

19 வருஷ ஊசி:
காசு விஷயம் நியாயம் தான், முடிஞ்ச அளவு சீக்கிரம் மாத்துங்கன்னு தான் சொல்ல முடியும். ஆனா ஃப்ரீசர் வேணவே வேணாம், ஒரு தடவ உறைஞ்சா அந்த மருந்து குப்பை தான். பிரிக்காதத ஃப்ரிட்ஜ்ல ஃப்ரீசர் தட்ட ஒட்டாம வைங்க. இவங்க கார்ட்ரிட்ஜ் ஒரு வாரத்துல தீர்ந்துருது, பென்ன வீட்டுல குளிர்ச்சியான இடத்துல வச்சா போதும், வண்டி பெட்டிலயும் ஜன்னல்லயும் விடாதீங்க. ஊசிய மாட்டியே வைக்கவும் கூடாது, சூட்டுல மருந்து ஒழுகும், ஆறுனா காத்த இழுக்கும், அப்புறம் டோஸ் குறையும்.

கிராமத்து டீச்சர்:
எங்க ஊர்ல கரண்ட் மணிக்கணக்கா போகுது. மண்பானைல கொஞ்சம் தண்ணி ஊத்தி, மருந்த கவர்ல கட்டி, மூடி போட்ட சில்வர் டப்பால வச்சு உள்ள இறக்கிருவேன். காத்தோட்டமா வச்சா தான் குளிரும், கடலோர புழுக்கத்துல அவ்வளவா குளிராது.

கரூர் மருமக:
டாக்டர பாத்தோம். கட்டிய தொட்டுப் பாத்துட்டு இடத்த மாத்தச் சொல்லி நைட் 14, காலைல 18ன்னு குறைச்சிருக்காரு, ராத்திரி 3 மணிக்கு நாலு நாள் செக் பண்ணச் சொல்லிருக்காரு. நேத்து 3 மணிக்கு 118, காலைல 152. கட்டி மட்டும் அப்படியே இருக்கு, எப்ப போகும்?

19 வருஷ ஊசி:
எனக்கு ஒன்னு ஆறு மாசத்துல அமுங்கிருச்சு, இன்னொன்னு இன்னும் லேசா கைல படுது.