நிறைந்தே திரும்பும் பாட்டில்

அன்பான ஊர்ச் சொந்தங்களுக்கு, பொங்கல் மலருக்குக் கதை கேட்டிருந்தீர்கள். ஊரை விட்டு மெட்ராஸ் போய்க் கடை வைத்த குடும்பங்கள் நம்மில் பாதி என்பதால் இந்தக் கதை. ஆட்கள் கற்பனை. யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

சுடலைமணியின் அப்பா அயனாவரத்தில் ஒரு மளிகைக்கடையை எடுத்து நடத்த வந்ததும், பையனை ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் சேர்த்தார்கள். முதல் நாள் மிஸ் அவனை முன்னால் நிற்க வைத்து, பேரும் ஊரும் சொல்லச் சொன்னார். பேரைச் சொன்னான். பின் பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஊரைச் சொல்லவில்லை. "சரி, போய் உட்கார்" என்று நாலாவது பெஞ்சைக் காட்டினார். அப்புறம் அவன் வாயிலிருந்து வந்த ஒரே சொல், காலை வருகைப் பதிவில் "யெஸ் மிஸ்". அதுவும் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது.

அம்மா முதலில் கவனித்தது பாட்டிலைத்தான். காலையில் நிரப்பிக் கொடுத்த ஒரு லிட்டர் சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது. "இந்த ஊர்த் தண்ணி பிள்ளைக்கு இறங்கல" என்று முடிவு கட்டினாள். கேன் தண்ணீர் வாங்கினாள், அதையும் சீரகம் போட்டுக் காய்ச்சினாள். பாட்டில் மஞ்சள் நிறத்தில் போய் மஞ்சள் நிறத்தில் வந்தது.

அந்தப் பள்ளியில் 11 மணிக்குத் தண்ணீர் மணி அடிப்பார்கள். எல்லோரும் குடிக்க வேண்டும். மணியும் மூடியைத் திறப்பான், வாயில் வைப்பான், சாய்ப்பான். உதடு நனையும், அவ்வளவுதான். காரணம் எளியது. தண்ணீர் குடித்தால் ஒன்றுக்கு வரும். வந்தால் எழுந்து, மேசை வரை நடந்து, நாற்பது பேர் பார்க்க "மே ஐ கோ டு டாய்லெட் மிஸ்" என்று இங்கிலீஷில் கேட்க வேண்டும். இடைவேளையில் போகலாம் என்றால் அங்கே ஒன்பதாம் வகுப்பு அண்ணன்மார் கூட்டம். நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் சுண்டு விரலைக் காட்டினால் போதும், பின்னாலேயே உடைமரக் காடு. பார்க்க ஆளில்லை. (முள் குத்தியவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறீர்கள், பெயர் சொல்லவில்லை.)

ஆகஸ்டு வாக்கில் நீர்க்கடுப்பு வந்துவிட்டது. ஊரிலிருந்து ஆச்சி போனில், "சூடுதான். எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டு, இளநி குடு" என்றாள். இளநீர் வரைக்கும் ஆச்சி சொன்னது சரிதான். கடைக்குப் பருப்பு வாங்க வந்த ஒரு ரயில்வே ரிட்டயர்டு பெரியவர், தனக்குக் கல் அடைத்த கதையை அரை மணி நேரம் சொல்லி, "கல்லுதாம்பா, வாழைத்தண்டு ஜூஸ் குடு" என்று போனார். பையனுக்கு என்ன செய்கிறது என்று அவர் கேட்கவே இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா மூத்திரப் பரிசோதனை எழுதிக் கொடுத்துவிட்டு, அம்மாவை மாத்திரை வாங்க வெளியே அனுப்பினார். பையனிடம் பேசச் சொல்லவில்லை.

"தம்பி, தலையை மட்டும் ஆட்டு. காலையில வீட்ல போயிட்டு, அடுத்து வீட்டுக்கு வந்துதான் போறியா?"

ஆட்டினான்.

"குடிச்சா வரும்னு குடிக்கிறதும் இல்ல?"

அதற்கும் ஆட்டினான்.

அம்மா வந்ததும் சொன்னார்: "கல்லும் இல்ல, தண்ணியும் காரணம் இல்ல. குடிக்காம, வந்ததையும் அடக்கி வெச்சா கிருமி தங்கும். மாத்திரையில இது போயிடும், இப்படியே இருந்தா திரும்ப வரும். ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருமுறை போகணும். மூத்திரம் வெளிர் மஞ்சளா இருந்தா குடிக்கிறது போதும்னு அர்த்தம்." பிறகு மிஸ்ஸுக்கு ஒரு சீட்டு எழுதினார். இவன் எப்போது எழுந்தாலும் வெளியே விடவும் என்று.

அம்மாவுக்கு இதில் பாதிதான் ஏறியது. கேன் தண்ணீரை நிறுத்தவில்லை. சீட்டையும் பையன் கையிலேயே கொடுத்துவிட்டாள். அதைக் கொடுக்க அவன் மேசை வரை நடக்க வேண்டுமே! சீட்டு ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் போய் மடங்கிப் படுத்துக்கொண்டது.

அந்த வாரம்தான் லோகேஷை நாலாவது பெஞ்சுக்கு மாற்றினார்கள். ஓயாமல் பேசியதற்குத் தண்டனை. பேசாதவன் பக்கத்தில் போட்டால் அடங்குவான் என்று மிஸ் கணக்குப் போட்டார்.

"ஹலோ" என்றான் லோகேஷ். பதில் இல்லை. அவன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவன் அம்மாவின் இட்லிக் கடை, 29சி பஸ்ஸில் தொங்கிக் கண்டக்டரிடம் திட்டு வாங்கியது, எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். மறுநாளும் ஹலோ, அதே மாதிரி. பதில் எதிர்பார்க்காத ஹலோவுக்கு முன்னால் பயப்பட ஒன்றுமில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மணி கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டான்.

தண்ணீர் மணியின்போது லோகேஷ் அவன் கழுத்தையே பார்த்தான். "டேய், நீ குடிக்கவே இல்ல. தொண்டை ஆடல."

மணி மூடியைத் திருகினான்.

அடுத்த பீரியடில் லோகேஷ் எழுந்தான். "மிஸ், டாய்லெட். இவனும்."

"ஒருத்தர்தான் போகணும்."

"இவன் புதுசு மிஸ். வழி தெரியாது."

பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் மிஸ் விட்டுவிட்டார். போகிற வழியெல்லாம் லோகேஷ் கிரிக்கெட் பேசினான். அங்கே போனதும், "மொதல் கதவுல தாழ்ப்பாள் இல்ல, ரெண்டாவதுக்குப் போ. இன்ட்ரவல்ல வராத, இப்டி நடுவுல வந்தா காலியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே நின்று சுவரில் பந்து போடுகிற மாதிரி கையைச் சுற்றிக்கொண்டிருந்தான். அன்றைக்கு பாட்டில் கால்வாசி குறைந்து வீட்டுக்குப் போனது.

இப்படியே சில நாள் ஓடியது. ஒருநாள் காம்பஸ் எடுக்க, கேட்காமல் மணியின் பாக்ஸைத் திறந்த லோகேஷ் சீட்டைப் பார்த்துவிட்டான். பிரித்துப் படிக்க ஆரம்பித்தான்.

"குடுல!"

வகுப்பே திரும்பியது. மணி முகம் சிவந்து நின்றான். லோகேஷ் மட்டும் சந்தோஷமாக, "மிஸ், இவன் பேசுறான்!" என்று கத்தினான். எனக்கு அந்த இடத்தில் லோகேஷின் மேல் கோபம்தான் வருகிறது, ஆனால் அவன் சுபாவம் அதுதான். மணி அன்று முழுக்க அவனைப் பார்க்கவில்லை. லோகேஷோ ஒன்றும் நடக்காதது போல, சாயங்காலம் திருத்தப் போன கணக்கு நோட்டுகளில் மணியின் நோட்டுக்குள் சீட்டைச் செருகிவிட்டான்.

மறுநாள் மிஸ் எதுவும் கேட்கவில்லை. மணியைக் கதவோரப் பெஞ்சுக்கு மாற்றி, "உனக்கு வேணும்போது போயிட்டு வா, கேட்க வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னார். நல்ல ஏற்பாடுதான். இரண்டு நாள் இருந்தான். மூன்றாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு நாலாவது பெஞ்சுக்கே போய் உட்கார்ந்துவிட்டான்.

"அங்கிருந்து எப்படிப் போவே?" என்றார் மிஸ்.

மணி சுண்டு விரலைத் தூக்கிக் காட்டினான். பின் பெஞ்சில் அதே இரண்டு பேர் சிரித்தார்கள். மிஸ் தலையாட்டினார்.

இப்போது பாட்டில் தினமும் காலியாகத்தான் வருகிறது. வருகிற போகிறவர்களிடம் எல்லாம் அம்மா, "சீரகத் தண்ணிதான் கேட்டுச்சு" என்கிறாள். அந்த ரயில்வே பெரியவருக்கும் அதையே சிபாரிசு செய்தாள். அதில் பாதியை லோகேஷ் குடிக்கிறான் என்பதை மணி இன்னும் வீட்டில் சொல்லவில்லை.