புரட்டாசி விற்பனையை நம்பி வேலையை விடலாமா?

தேவி_சாட்ஸ்வர்த்: டர்பனில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கையில் வருவது மாதம் 15,000 ராண்ட். சனி, ஞாயிறில் உருளைக்கிழங்கு சமோசா செய்து உறையவைத்து, டஜன் 60 ராண்டுக்கு விற்கிறேன். செப்டம்பர் கடைசியிலிருந்து வாரம் 70 டஜன் போகிறது. பொருள்செலவு 24. நவம்பரோடு வேலையை விட்டுவிடலாமா?

குமரன்: விடுங்கள் அக்கா. வாரக் கடைசியில் மட்டும் செய்தே 70 டஜன் என்றால், ஐந்து நாள் சேர்ந்தால் எவ்வளவு போகும்! பகுதி நேரத்தில் செய்கிற தொழில் கடைசிவரை பகுதி நேரமாகவே நின்றுவிடும். புதன்கிழமை கேட்கிறவருக்குச் சனிக்கிழமைதான் கிடைக்கும் என்றால் அவர் வேறு ஆளிடம் போய்விடுவார்.

பழனி அண்ணன்: தம்பி சொல்வதில் பாதி சரி. ஆனால் தேவி, செப்டம்பர் கடைசி என்றால் அது புரட்டாசி. நம் வீடுகளில் பாதியில் அந்த மாதம் கறி சமைப்பதில்லை. அதை ஒட்டியே தீபாவளி. நீங்கள் பார்த்தது விரதத்தின் விற்பனை. தையில் காவடி விரதம், ஆடியில் கூழ் என்று அப்போதும் கொஞ்சம் ஏறும். உண்மை தெரிவது மே, ஜூனில்தான்.

அடுத்தது கணக்கு. 24க்கு மேல் பையும் ஒட்டுச்சீட்டும் 3, எரிவாயுவும் மின்சாரமும் 3, பெட்ரோல் 4, உடைந்து வீணாவது 2 என்று வையுங்கள். செலவு 36, மிச்சம் 24. கம்பெனி கட்டும் மருத்துவக் காப்பீடு 1,800, ஓய்வூதியப் பங்கு 1,200 என்றால், நீங்கள் ஈடுகட்ட வேண்டியது 18,000. அதற்கு மாதம் 750 டஜன், அதாவது வாரம் 173 வேண்டும். மடித்துப் பையில் போட டஜனுக்குப் பத்து நிமிடம் பிடித்தால், அதற்கு மட்டும் வாரம் 29 மணி நேரம். சமையல், சந்தை, விநியோகம் தனி. ஆள் வைத்தால், 2025 மார்ச்சில் வந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட், டஜனுக்கு 4.80. மிச்சம் 19.20 ஆகிவிடும், மாதம் 938 டஜன் தேவைப்படும்.

குமரன்: கடைகளில் போடலாமே, அளவு தானாக ஏறும்.

பழனி அண்ணன்: கடைக்காரர் 45க்குத்தான் எடுப்பார் என்று வைத்துக்கொள். 36 போக 9 மிச்சம். அதிலும் ஆள் கூலி இருக்கிறது. அளவு ஏறும், பணம் ஏறாது.

ரஞ்சனி: கடை திறக்கிறீர்கள் என்றால் முதலில் கம்பெனி பதிந்து, வாட் எண் வாங்குங்கள். இல்லாவிட்டால் அபராதம் வரும்.

பழனி அண்ணன்: அவர் கடை திறக்கவில்லை அம்மா. இந்த அளவு விற்பனைக்கு வாட் கட்டாயம் இல்லை, சொந்தப் பெயரிலேயே செய்யலாம். ஆனால் சம்பளம் தவிர தொழில் வருமானம் இருப்பதால் முன்வரிப் படிவம் IRP6 உண்டு: ஆகஸ்ட் கடைசி, பிப்ரவரி கடைசி. அதைவிட முக்கியம் நகராட்சிச் சுகாதாரப் பிரிவின் ஏற்புச் சான்று. அதிகாரி சமையலறையைப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். வேலையை விட்ட பிறகு அவர் மறுத்தால் என்ன செய்வீர்கள்? இப்போதே விண்ணப்பியுங்கள். வேலை ஒப்பந்தத்தில் வெளித்தொழிலுக்கு அனுமதி கேட்கச் சொல்லியிருந்தால் அதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

தேவி_சாட்ஸ்வர்த்: பெட்ரோலை நான் சேர்க்கவே இல்லை அண்ணா. நோட்டைப் பார்த்தேன்: புரட்டாசியில் வாங்கிய 41 வீட்டில், தீபாவளிக்குப் பிறகு மறுபடி கேட்டது 13 மட்டும். ஆனால் குமரன் சொல்வதும் மனதில் நிற்கிறது. சனிக்கிழமை மட்டும் கொடுத்தால் முழு வியாபாரம் எப்படித் தெரியும்?

பழனி அண்ணன்: வருட விடுப்பில் ஐந்து நாள் எடுங்கள். பண்டிகை இல்லாத வாரமாக இருக்கட்டும். அந்த வாரம் தினமும் விநியோகம் என்று முன்கூட்டியே சொல்லி, 173 டஜன் செய்து விற்றுப் பாருங்கள். கையும் வீட்டு ஃப்ரீசரும் தாங்குகிறதா என்று தெரியும். ஆறாத மசாலாவை மடித்து, முப்பது டஜனை ஒரே நேரத்தில் உள்ளே அடுக்கினால் மெதுவாகத்தான் உறையும். அதற்குள் ஆவி மாவில் இறங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எண்ணெயில் போட்டதும் வாய் பிளக்கும். மசாலாவை நன்றாக ஆறவிட்டு, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, கல் மாதிரி இறுகிய பிறகே பையில் போட வேண்டும். அப்போது ஒரு தடவைக்கு எத்தனை தட்டு கொள்கிறதோ அதுதான் உங்கள் அளவு. வாங்கினவர் "பிளந்துவிட்டது" என்று சொல்ல மாட்டார், பேசாமல் நின்றுவிடுவார்.

குமரன்: ஒரு வாரம் போதாது. புது ஆள் பழகவே ஒரு மாதம் ஆகும். மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு கேட்கட்டும்.

பழனி அண்ணன்: கொடுத்தால் நல்லதுதான், கேட்டுப் பார்க்கட்டும். அவராக ராஜினாமா செய்தால் வேலை இல்லாதபோது கிடைக்கும் யுஐஎஃப் பணம் வராது தம்பி, அதனால்தான் பயப்படுகிறேன். ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு அறிவிப்புக் காலம் நான்கு வாரம், அதை மட்டும் நம்பி எதையும் திட்டமிட முடியாது.

தேவி_சாட்ஸ்வர்த்: விடுப்பு பிப்ரவரிக் கடைசியில் கேட்கிறேன், காவடி முடிந்திருக்கும். அந்த 13 வீட்டில் எத்தனை பேர் மூன்றாவது தடவை கேட்கிறார்கள் என்று இங்கே எழுதுகிறேன்.

குமரன்: எழுதுங்கள் அக்கா. 66 ராண்டுக்கு விற்றும் பாருங்கள், அதை யாருமே சொல்லவில்லை.