பெர்சல்பேட் அயோடைடு பிராக்டிகல்: ஆர்டர் 0.7 ன்னு வருது, எங்க தப்பு?

மண்டபம்_கடலோரம்
பி.எஸ்ஸி ரெண்டாவது வருஷம், திங்கக்கிழமை ரெக்கார்டு வைக்கணும். பெர்சல்பேட்டையும் அயோடைடையும் கலந்து, கூட கொஞ்சம் தயோசல்பேட்டும் ஸ்டார்ச்சும் போட்டு, நீலம் பளிச்சுன்னு வர்ற வரைக்கும் ஸ்டாப்வாட்ச்ல டைம் பாக்குறோம்ல, அது. என் ரீடிங்:

```
ரன்  KI      (NH4)2S2O8  Na2S2O3   நேரம்
     0.2 M   0.1 M       0.005 M
1    20 ml   20 ml       10 ml     26 s
2    10 ml   20 ml       10 ml     42 s
3    20 ml   10 ml       10 ml     44 s
```

1/t தான் வேகம்னு வச்சு 1, 2 ரன்ன கம்பேர் பண்ணா அயோடைடு ஆர்டர் 0.69, 1, 3 ரன்ல பெர்சல்பேட் 0.76. இத 1ன்னு எழுதிரலாமா, இல்ல ½ ஆர்டர்னு எழுதணுமா? மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன், ஒரு செகண்டு கூட குறைய வருது அவ்ளோதான்.

பாம்பன்_பையன்
ரெண்டுமே தப்பு தங்கச்சி, சமன்பாட்டுல அயோடைடுக்கு முன்னாடி 2 இருக்குல்ல, அப்ப ஆர்டர் 2 தான் வரணும். கெமிக்கல் பழசா இருக்கும், புதுசா கேளு.

நீட்_ரிப்பீட்டர்_ராம்நாடு
இது ஈஸி, எது மாறலையோ அத ரெண்டு ரன்லயும் கட் பண்ணு, மிச்சத்த வகுத்தா 2ன் அடுக்கா வரும், மார்க் போகாது. டேபிள்ல 42 க்குப் பதிலா 52 ன்னு இருக்கணும், பிரிண்டிங் மிஸ்டேக்கா இருக்கும்.

மண்டபம்_கடலோரம்
அண்ணே இது கொஸ்டின் பேப்பர் இல்ல, நானே லேப்ல எடுத்த ரீடிங் 🙂

ஓய்வு_டெமான்ஸ்ட்ரேட்டர்
ஒரே ஒரு கேள்விம்மா. ரன் 2ல பீக்கர்ல மொத்தம் எத்தனை மில்லி இருந்துச்சு?

மண்டபம்_கடலோரம்
10 + 20 + 10... 40 சார். ஐயோ. ரன் 1ல 50.

ஓய்வு_டெமான்ஸ்ட்ரேட்டர்
அதான் விஷயம். KI பாதியாச்சுன்னு நீ நினைச்ச, ஆனா 40 மில்லில அது 0.08லேருந்து 0.05 M ஆச்சு, 0.04 ஆகல. நீ தொடாத பெர்சல்பேட்டோ 0.04லேருந்து 0.05க்கு ஏறிருச்சு. அதோட நிக்கல, தயோசல்பேட்டும் 0.001லேருந்து 0.00125 M ஆயிருச்சு. அது தீர்ந்தாத்தான் நீலம் வரும், அப்ப ஓடுற பந்தயத்துல கோட்டையே தள்ளிப் போட்டாச்சு, 1/t ய வேகம்னு சொல்ல முடியாது. ரெண்டுக்கும் ஆர்டர் 1ன்னே வச்சு உன் ரன் 2ஐ கணக்குப் போடுறேன் பாரு: 26 × 1.25 × (0.0032/0.0025) = 41.6 செகண்டு. நீ எடுத்தது 42. கை சுத்தமாத்தான் இருக்கு, கணக்குத்தான் வழுக்கிருச்சு. உண்மையான செறிவ வச்சு ரெண்டு சமன்பாடு எழுதித் தீத்தா அயோடைடு 1.10, பெர்சல்பேட் 1.17 வரும். ஆனா ஒரே நேரத்துல ரெண்டும் மாறுன ரன்ன ரெக்கார்டுல வைக்காத, திரும்ப எடு.

பாம்பன்_பையன்
அப்ப குறையுற 10 மில்லிக்குத் தண்ணி ஊத்தி 50 ஆக்கிட்டா போதும்ல சார், நாங்க அப்டித்தான் செஞ்சோம்.

ஓய்வு_டெமான்ஸ்ட்ரேட்டர்
பாதி சரி தம்பி. கன அளவு சரியாகும், ஆனா தண்ணி ஊத்துனா கரைசல்ல உப்பும் குறையும். மோதுற ரெண்டும் நெகட்டிவ் அயனி, ஒண்ண ஒண்ணு தள்ளும், சுத்தி இருக்குற மத்த அயனிங்கதான் அந்தத் தள்ளல மறைக்குது. உப்பு குறைஞ்சா ரியாக்ஷன் தானா மந்தமாகும். இந்த அளவுக்குப் போட்டுப் பாத்தா ரன் 3 52க்குப் பதிலா 62 செகண்டு பக்கம் வரும், ஆர்டர் 1.25ன்னு காட்டும். KI குறைச்ச இடத்துல 0.2 M KNO3, பெர்சல்பேட் குறைச்ச இடத்துல 0.1 M (NH4)2SO4 ஊத்து. அயனி அளவு அப்படியே இருக்கும், வினையில அதுங்க சேராது.

தொண்டி_டீச்சர்
நான் ஸ்கூல்ல தயோசல்பேட்டும் ஆசிடும் கலந்து, காகிதத்துல போட்ட பெருக்கல் குறி மறையுறதப் பாக்க வைப்பேன், மதியம் பேட்ச்சுக்கு எப்பவும் சீக்கிரம் மறைஞ்சிரும். இன்னொண்ணு, எங்க ஊரு போர் தண்ணி உப்பு, டிஸ்டில்டு தீந்தப்ப ஃபில்டர் தண்ணில செஞ்சேன், அது கெடுக்குமா?

ஓய்வு_டெமான்ஸ்ட்ரேட்டர்
இந்த அயோடைடு ரியாக்ஷனுக்குக் கெடுக்கும் மேடம், உப்புக்கு மேல செம்பு, இரும்பு தம்மாத்துண்டு இருந்தாலும் இத வேகப்படுத்தும். உங்க ஆசிட் கதையில எவ்வளவு கெடுக்கும்னு நான் செஞ்சு பாத்ததில்ல.

மண்டபம்_கடலோரம்
இன்னைக்கு எடுத்துட்டேன். ரன் 1: 26, ரன் 2: 52 ❤️ ஆனா ரன் 3 மதியம் 47. திரும்ப 0.85. கரண்ட் போயி ஃபேன் இல்ல, புழுக்கம்.

ஓய்வு_டெமான்ஸ்ட்ரேட்டர்
பீக்கர்ல தெர்மாமீட்டர் வச்சியா? காலைல எவ்ளோ, மதியம் எவ்ளோ?

மண்டபம்_கடலோரம்
காலைல 31, இப்ப 33.

ஓய்வு_டெமான்ஸ்ட்ரேட்டர்
ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 6, 7 சதவீதம் வேகம் கூடும், ரெண்டு டிகிரிக்கு 53 செகண்டு 47 ஆகுறது ஆச்சரியமே இல்ல. பாட்டில் எல்லாத்தையும் ஒரு பக்கெட் தண்ணில 31ல வச்சு திரும்ப எடு.

மண்டபம்_கடலோரம்
53 வந்துருச்சு சார். இப்ப இத எப்டி எழுதுறது? என் ஃபிரெண்டுக்கு k எனக்கு வந்ததுல டபுளா வருது, ரீடிங் ஒண்ணுதான்.

ஓய்வு_டெமான்ஸ்ட்ரேட்டர்
அவங்க பாதியாக்க மறந்திருப்பாங்க. ஒரு அயோடினுக்கு ரெண்டு தயோசல்பேட் தீருது, அதனால நீலம் வர்றப்ப உருவான அயோடின் 0.001ல பாதி, 0.0005 M. டேபிள்ல பாட்டில் செறிவு எழுதாத, கலந்தப்புறம் உள்ளத எழுது, அங்கதான் முதல்ல வழுக்குனது. அப்புறம் ஒவ்வொரு ரன்னுக்கும் k தனியா போட்டுக் காட்டு:

```
ரன்  [S2O8^2-]  [I-]   வேகம் (M/s)   k
1    0.04       0.08   1.92×10^-5    6.0×10^-3
2    0.04       0.04   9.6×10^-6     6.0×10^-3
3    0.02       0.08   9.4×10^-6     5.9×10^-3

Rate = k [S2O8^2-][I-]
k = 6.0×10^-3 M^-1 s^-1, 31 °C
```

k மூணும் ஒட்டி வருதுன்னா ஆர்டர் சரின்னு பாக்குறவருக்கே புரியும். ஆர்டர் 1.03ன்னு எழுதாத, 26ல ஒரு செகண்டு தவறுனாலே 0.05 நகரும், 1ன்னு எழுதி, வந்த மதிப்பு இதுன்னு பக்கத்துல போடு. வேகம்னா எதோட வேகம்னு ஒரு வரி போடு, 'அயோடின் உருவாகும் வேகம்'னு. வெப்பநிலை இல்லாத k செல்லாத நோட்டு. பெர்சல்பேட் எவ்ளோ செலவாச்சுன்னும் பாத்துக்கோ, 0.04ல 0.0005, ஒரு சதவீதம் சொச்சம், அதனாலதான் இத ஆரம்ப வேகம்னு சொல்ல முடியுது.

பாம்பன்_பையன்
சரி சார், அப்ப அந்த 2 எங்க போச்சு?

ஓய்வு_டெமான்ஸ்ட்ரேட்டர்
மெதுவான படியில ஒரு அயோடைடுதான் பெர்சல்பேட்ட முட்டுது, ரெண்டாவது அதுக்கப்புறம் வேகமா வந்து சேருது. சமன்பாடு மொத்தக் கணக்கு, எவ்வளவு வேகம்னு அது சொல்லாது தம்பி.

மண்டபம்_கடலோரம்
எங்க மேனுவல்ல 1/t யே வேகம்னு இருக்கு, k அலகே இல்ல. அத வச்சா இல்ல இத வச்சா மார்க்?

தொண்டி_டீச்சர்
அது உங்க எக்ஸ்டர்னல கேக்கணும் பாப்பா. ஆமா, உன் KI பாட்டில் மஞ்சளா இல்லியே? எனக்கு ஒருதடவ வெயில்ல வச்சது மஞ்சளாயி, ஏற்கனவே அயோடின் வந்துட்டதால எல்லா டைமும் கம்மியா வந்துச்சு.

மண்டபம்_கடலோரம்
லேசா இருக்கு மேடம்... 😬