மூணு வியாபாரி அனுப்புன உளுந்து போட்டோ, எதை எடுக்கலாம்? அவசரம்

கரூர்_மாவுகடை
மூணு பேர்கிட்ட சாம்பிள் போட்டோ கேட்டேன், வாட்ஸப்ல அனுப்பிட்டாங்க, கீழ போட்டுருக்கேன். மூணாவது ஆளோடது நல்லா பெருசா ஒரே சைஸா இருக்கு ஆனா கிலோவுக்கு நாலு ரூபா கூட கேக்குறாரு. கல்லு மூணுலயுமே தெரியல. நாளைக்கு லோடு ஏத்தணும்னா இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். பாத்து சொல்லுங்க ப்ளீஸ்.

மெஸ்_அக்கா
தம்பி பருப்புல கேசரி பருப்பு கலந்திருக்கான்னு மொதல்ல பாருங்க, எங்க மெஸ்ஸுக்கு வந்த துவரம்பருப்புல சதுரமா சாய்வா வெட்டுன மாதிரி இருந்துச்சு, அதை அப்படியே திருப்பி அனுப்பிட்டேன்.

கரூர்_மாவுகடை
அக்கா இது உளுந்து.

விருதுநகர்_மில்காரன்
தோலோடவா, உடைச்சதா, தோல் நீக்குன முழுசா? பர்மா சரக்கா நாட்டு சரக்கா? மூட்டையில எங்க இருந்து எடுத்த சாம்பிள்? இதெல்லாம் சொல்லாம எப்படி சொல்றது.

மண்டி_பழசு
போட்டோவ பாத்து பருப்பு வாங்குற காலம் வந்துருச்சு. நான் முப்பது வருஷமா கையில அள்ளி ஊதிப் பாத்துதான் வாங்குறேன். அதைக் கத்துக்கிட்டு வாங்க தம்பி, அப்புறம் யாவாரம் பண்ணலாம்.

கரூர்_மாவுகடை
இட்லி மாவுக்கு, தோல் நீக்குன முழு உளுந்து. எங்க ஊரு சரக்குன்னு கேக்கல. எல்லாரும் ஒரு ரூபா காசு வெச்சு எடுத்து அனுப்புங்கன்னு மட்டும் சொன்னேன். அண்ணே மில்லுக்கு வந்து பாக்க நேரம் இல்ல, அதான்.

டிகிரி_காப்பி
காசு இருக்கே, அப்ப கம்ப்யூட்டர்லயே அளந்துரலாம். ImageJ இலவசம். காசு மேல கோடு இழுத்து `Analyze > Set Scale`, அப்புறம் கருப்பு வெள்ளையா மாத்தி, ஒட்டிக்கிட்டு இருக்குற மணிய பிரிக்க `Process > Binary > Watershed`, கடைசியா `Analyze > Analyze Particles`. ஒவ்வொரு மணியோட பரப்பும் லிஸ்டா வந்துரும், சின்னதா இருக்குறதெல்லாம் உடைசல். நீங்க கண்ணால பாக்கவே வேணாம்.

விருதுநகர்_மில்காரன்
சைஸுக்கு அது சரிதான் தம்பி, ஆனா அளக்குற காசையே மொதல்ல பாருங்க. ரெண்டாவது படத்துல இருக்குறது 2011 வரிசை ஒரு ரூபா, குறுக்களவு 22 மில்லிமீட்டர். மூணாவதுல இருக்குறது 2019 வரிசை, அது 20 தான். ரெண்டையும் ஒரே காசுன்னு நெனச்சு பக்கத்துல வெச்சு பாத்தா சின்ன காசு பக்கத்துல இருக்குற உளுந்து பத்துல ஒரு பங்கு பெருசா தெரியும். நான் ரெண்டையும் பெருசாக்கி காசோட அகலத்துக்குள்ள எத்தன மணி அடங்குதுன்னு பாத்தேன், ரெண்டாவதுல நாலரை, மூணாவதுல நாலு. 22ஐ நாலரையால வகுத்தா 4.9, 20ஐ நாலால வகுத்தா 5. சைஸ் ஒண்ணுதான், அந்த நாலு ரூபாய்க்கு சைஸ் காரணம் இல்ல. இனிமே பத்து ரூபா காசு வெக்க சொல்லுங்க, ரெண்டு வரிசையிலயும் 27 மில்லிமீட்டர்தான்.

உடைசல் விஷயத்துலதான் தம்பி சொல்றது சரிவராது. முழு உளுந்துல பிளவு, அதான் ரெண்டா பொளந்த பாதி, தட்டைப் பக்கம் கீழ படுத்துருச்சுன்னா மேல இருந்து பாக்க முழு மணி மாதிரியே இருக்கும். அந்த சாஃப்ட்வேர் அதை முழுசுன்னுதான் எண்ணும். குருணைய மட்டும்தான் பிடிக்கும்.

டிகிரி_காப்பி
ஓ. அப்ப லைட்ட பக்கவாட்டுல இருந்து அடிச்சா?

விருதுநகர்_மில்காரன்
அடிச்சா பாதி மணியோட நிழல் குட்டையா விழும், கண்ணுக்கு தெரியும். ஆனா மணிங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம ஒரே அடுக்கா பரப்பி இருக்கணும். இந்த மூணு படத்துலயும் குவியலா கொட்டி இருக்காங்க, அதுவும் வெள்ளைத் தட்டுல. கருநீலத் துணியில பரப்ப சொல்லுங்க, வாட்ஸப்ல போட்டோவா அனுப்பாம டாக்குமெண்டா அனுப்ப சொல்லுங்க, இல்லாட்டி சுருக்கிரும், பெருசாக்கி பாத்தா விளிம்பெல்லாம் மங்கிப்போயிரும்.

மண்டி_பழசு
பிளவ எண்ணி என்ன பண்ணப் போறீங்க, அரைச்சா எல்லாம் மாவுதான்.

சேலம்_கிரைண்டர்
அப்படி இல்லண்ணே. பாதி உளுந்து சீக்கிரம் ஊறிரும், முழுசு ஊறுறதுக்குள்ள அது நொளுநொளுன்னு ஆயிரும். எங்க கடையில பிளவு கூட வந்த லோடுல மாவு பொங்கவே இல்ல.

மண்டி_பழசு
அது பழைய உளுந்தா இருந்திருக்கும். பிளவு மேல பழி போடாதீங்க. எங்க வீட்டுல உடைச்ச உளுந்துல ஆட்டுன இட்லிய வந்து சாப்புட்டு பாருங்க.

சேலம்_கிரைண்டர்
வீட்டுல அரைக்கிறதும் தெனம் அம்பது கிலோ அரைக்கிறதும் ஒண்ணா? பழசா இருந்தா அந்த மூட்டை முழுக்கல்ல அப்படி இருக்கணும், அரிச்சு எடுத்த முழுசுல மட்டும் நல்லா வந்துச்சே.

மண்டி_பழசு
தண்ணி கூட ஊத்தியிருப்பீங்க.

மெஸ்_அக்கா
ரெண்டு பேரும் அப்புறம் சண்ட போடுங்க, பாவம் அந்த தம்பிக்கு சாயங்காலம் ஆகப்போகுது. கல்லுக்கு யாரும் பதில் சொல்லலையே?

விருதுநகர்_மில்காரன்
அக்கா சொல்றதுதான் முக்கியம். போட்டோவுல கல்லு தெரியலன்னா கல்லு இல்லன்னு அர்த்தம் இல்ல. பரப்பி எடுக்குற ஒரு படத்துல ஐநூறு மணி இருந்தா பெரிய விஷயம், அது சுமார் இருபது கிராம். கிலோவுக்கு நாலு கல்லு இருக்குற மோசமான சரக்குன்னே வெச்சுக்கங்க, அப்படி நூறு படம் எடுத்தா தொண்ணூறுக்கு மேல சுத்தமாத்தான் இருக்கும். மாவுக் கடைக்கு கிலோவுக்கு நாலு கல்லுன்னா என்ன கதின்னு உங்களுக்கே தெரியும்.

சார்டெக்ஸ் போட்டது, கல்லே இருக்காதுன்னு சொல்லுவாங்க. சார்டெக்ஸ் நிறத்த பாத்துதான் தள்ளும், உளுந்து மாதிரியே வெளுப்பா இருக்குற கல்ல விட்டுரும். அதைப் பிடிக்க கல் நீக்குற மெஷின் தனியா வேணும், அது கனத்த பாத்து பிரிக்கும், ஆனா லேசான மண்ணுருண்ட அதுல தப்பிச்சுரும். ரெண்டுலயும் ஓட்டுனதான்னு கேளுங்க.

இன்னொண்ணு, மூட்டை லாரியில குலுங்குறப்ப குருணையெல்லாம் இடுக்கு வழியா அடிக்கு எறங்கிரும். வாயப் பிரிச்சு மேலாக்க அள்ளுன சாம்பிள் எப்பவும் அழகாத்தான் இருக்கும். குத்தூசி போட்டு மேல, நடு, அடின்னு நாலஞ்சு மூட்டையில எடுத்து கலந்து, ஆளுக்கு ஒரு கிலோ பஸ் பார்சல்ல போட சொல்லுங்க. ஒரு கிலோவையும் தட்டுல போட்டு கல்லு பொறுக்குங்க. அதுலயே நூறு கிராம் தனியா எடுத்து பிளவையும் குருணையையும் பொறுக்கி தராசுல போடுங்க, எண்ணாதீங்க. ஐநூறு மணியில அம்பது பிளவுன்னா எண்ணிக்கையில பத்து சதவீதம், எடையில அஞ்சு சொச்சம்தான், வியாபாரி எடையில பேசுறப்ப நீங்க எண்ணிக்கையில பேசுனா சண்டதான் வரும்.

மண்டி_பழசு
கடைசியில கையில வாங்கி பாருன்னுதானே சொல்றீங்க, அதைத்தான் நானும் சொன்னேன்.

விருதுநகர்_மில்காரன்
ஊதிப் பாத்தா தோலும் தூசும் பறக்கும்ண்ணே, கல்லு பறக்காது. போட்டோ வேண்டாம்னும் நான் சொல்லல, பத்து பேர்ல ஏழு பேர கழிச்சு விட அது போதும்.

கரூர்_மாவுகடை
லோடு நாளன்னிக்குன்னு தள்ளி வெச்சுட்டேன். மூணாவது ஆள் பார்சல்லாம் போட முடியாதுன்னுட்டாரு. மத்த ரெண்டும் வந்துச்சு. நூறு கிராமுல பிளவும் குருணையும் முதல் ஆள் 4 கிராம், ரெண்டாவது ஆள் 9. கல்லு, முதல் ஆளோடதுல ஒண்ணுமில்ல, ரெண்டாவதுல ஒரு வெள்ளைக் கல்லும் ரெண்டு மண்ணுருண்டையும். முதல் ஆள்கிட்ட ரெண்டு மூட்ட மட்டும் சொல்லிருக்கேன். நன்றிண்ணே.

விருதுநகர்_மில்காரன்
ஒரு கிலோவுல வரலன்னா மூட்டையிலயும் வராதுன்னு எழுதி வெச்சுக்காதீங்க, எறக்குறப்ப ரெண்டு மூட்டையோட அடியிலயும் குத்தூசி போடுங்க. முதல் ஆளோடது பர்மா எஸ்க்யூ ரகமான்னும் கேட்டு சொல்லுங்க.

சேலம்_கிரைண்டர்
மாவு எப்படி பொங்குச்சுன்னும் போடுங்க தம்பி, பிளவு விஷயம் தெரிஞ்சுரும்.